தீ, நெஞ்சு, கண்ணீர் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவர் எடுக்கும் குறும்படத்துக்குப் பாட்டு எழுதுகிறேன். கணவன் ரியாத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், ஒப்பந்தம் இரண்டு வருடம். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் மனைவி பாடுகிறாள். மெட்டு முதலிலேயே வந்துவிட்டது. அதற்கு நான் எழுதிய பல்லவி:

நெஞ்சில்தீ மூட்டிப் போனாயே
கண்ணீரில் மூழ்கிப் போனேனே
உள்ளம்தூள் தூளாய் ஆனாலும்
உன்னைத்தான் எண்ணிச் சாவேனே

இசையமைப்பாளர் "எல்லாம் கேட்ட வரி, வேற கொண்டு வாங்க" என்கிறார். தீ, நெஞ்சு, கண்ணீர் மூன்றையும் எடுத்துவிட்டால் மெட்டில் எதுவுமே உட்கார மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் மெட்டைப் பார்ப்போம், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் வரிகளைத் தத்தகாரமாக்கினால் "தானானா தானா தானானா" என்று வருகிறது. எட்டு அசை. மூன்று, இரண்டு, மூன்று என்று நின்று நின்று போகிறது. எட்டும் கனமான அசைகள்: நெடிலாக இருக்கும், அல்லது பக்கத்தில் ஒற்றெழுத்தைச் சேர்த்துக்கொண்ட குறிலாக இருக்கும். தமிழில் இந்த அளவுக்குச் சட்டென்று கைக்கு வரும் சொற்கள் எவை? நெஞ்சில், கண்ணீர், உள்ளம், எண்ணி. ஒற்றை நெடில் விழும் இடத்துக்குத் தீ, நீ, நான். மெட்டைக் கேட்டதும் வாய் தானாக முணுமுணுக்கும் சொற்கள் இவை. பலர் மெட்டு மறக்காமல் இருக்க முதலில் டம்மி வரி போட்டுக்கொள்வார்கள். அந்த டம்மியே பாட்டாக நின்றுவிடுவதால்தான் இவை இத்தனை பாட்டில் இருக்கின்றன. உங்கள் பல்லவியும் ஒரு நல்ல டம்மி. அளவு பிசகவில்லை, அதைத் தூக்கி எறிய வேண்டாம். அளவுகோலாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் தீயை எடுத்துவிட்டு எரிமலை என்பார்கள், கண்ணீரைக் கடலாக்குவார்கள், நெஞ்சை நெஞ்சாங்கூடு ஆக்குவார்கள். சொல் மாறும், பாட்டு மாறாது. ஒரு வரி பழசா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே வரியைக் கல்லூரிப் பையன் ஒருவன் வாயில் வையுங்கள், அப்புறம் போரில் மகனை இழந்த கிழவி வாயில் வையுங்கள். "கண்ணீரில் மூழ்கிப் போனேனே" இருவருக்கும் அப்படியே பொருந்துகிறது. அதில் உங்கள் கும்பகோணத்துப் பெண் இல்லை என்றுதான் அர்த்தம்.

தீயும் நெஞ்சும் கண்ணீரும் தீண்டத்தகாத சொற்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். குறுந்தொகையின் நான்காம் பாட்டில் மூன்றுமே இருக்கின்றன. "நோம் என் நெஞ்சே" என்று நாலே அடியில் மூன்று முறை சொல்கிறாள் தலைவி. நடுவில் "இமை தீய்ப்பன்ன கண்ணீர்" என்கிறாள். கண்ணீர் எவ்வளவு வந்தது என்ற கணக்கே இல்லை. அது இமையைப் பொசுக்குகிற மாதிரி சுடுகிறது. அழுது அழுது இமை விளிம்பு எரிவது எல்லோருக்கும் தெரிந்த உடம்புச் சமாச்சாரம். தீயை அந்த மெல்லிய விளிம்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் புலவர். வள்ளுவர் 1159ஆம் குறளில் தீயை வேறு விதமாகப் பிடிக்கிறார்: "தொடிற்சுடின் அல்லது காமநோய் போல விடிற்சுடல் ஆற்றுமோ தீ." தீ தொட்டால் சுடும், விட்டால் சுடாது. இது விட்டு விலகினால்தான் சுடுகிறது. தீயின் நடத்தையை உற்றுப் பார்த்து, காமம் அதிலிருந்து எங்கே மாறுகிறது என்று காட்டுகிறார். உங்கள் முதல் வரியில் தீ மூட்டப்பட்டது, அதற்குப் பிறகு அதற்கு வேலையே இல்லை. பாட்டில் வரும் தீ எதையாவது செய்தால் இருக்கட்டும், செய்யாவிட்டால் போகட்டும்.

சரி, இப்போது அந்த வீட்டுக்குள் போவோம். ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். உணர்ச்சிச் சொல் எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது, பொருளும் செயலும்தான். அவன் போன பிறகும் அவள் கை பழக்கத்தில் செய்துகொண்டிருப்பது எது? அவன் போனதால் வீட்டில் நின்றுபோனது எது? அவன் இல்லாததை அவளைத் தவிர வேறு யார், எதை வைத்துக் கண்டுகொள்கிறார்கள்?

முதல் கேள்விக்கு: அரிசி அளக்கிறாள். ஒரு டம்ளர் போதும், கை இரண்டு டம்ளர் போடுகிறது. ராத்திரி சோறு மிஞ்சுகிறது, தண்ணீர் விட்டு வைக்கிறாள், காலையில் பழையது. இரண்டாவதுக்கு: அவனுடைய வண்டி. வாரக்கணக்கில் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமை கிக்கரை உதைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறாள். மூன்றாவது இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, அவன் வந்துவிட்டான் என்று தெருவில் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த மூன்றாவது கேள்விதான் அதிகம் தரும். அவள் வாயால் தன் துக்கத்தைச் சொல்லாமலே, ஊர் ஏமாறுவதில் அவள் ஏமாற்றம் தெரிந்துவிடுகிறது.

இனி மெட்டில் உட்கார வைப்பது. இங்கே இரண்டு தவறு கட்டாயம் நேரும், இரண்டையும் காட்டுகிறேன்.

வண்டிச் சாவியில் தூசி படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "வண்டிச்சாவிக்கும் தூசாச்சே" என்று எழுதினால் எட்டும் கன அசைதான், எண்ணிக்கை சரி. பாடிப் பாருங்கள். மெட்டு மூன்றாவது அசையில் நிற்கிறது. "வண்டிச்சா" என்று நின்று, "விக்கும்" என்று தொடங்கும். கேட்பவர் காதில் சாவி இருக்காது, வண்டி விற்பது மாதிரி ஏதோ விழும். செய்யுளில் இதை வகையுளி என்பார்கள். படிக்கும்போது கண் சேர்த்துக்கொள்ளும், காது சேர்த்துக்கொள்ளாது. புதிய சொற்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். "கண்ணீரில்" என்பதை எப்படி வெட்டினாலும் கேட்பவர் ஊகித்துவிடுவார், "வண்டிச்சாவி"யை ஊகிக்க மாட்டார். ஆகவே புதிய பொருளின் பெயர் ஒரு நிறுத்தத்துக்குள் முழுசாக அடங்க வேண்டும்.

இரண்டாவது தவறு வரியின் கடைசி அசையில். உங்கள் மெட்டு அங்கே இழுக்கிறது என்பது "போனாயே, போனேனே" என்று நீங்கள் முடித்ததிலேயே தெரிகிறது. "வாசல்தான் இன்னும் பூட்டாச்சு" என்று முடித்தால் பாடகர் அந்தக் குட்டி உகரத்தை இழுக்க வேண்டிவரும், "பூட்டாச்சூ" என்று விகாரமாகக் கேட்கும். ஆ, ஏ, ஓ நன்றாக இழுபடும். ன், ம், ல் போன்ற ஒற்றில் முடிந்தாலும் முன்னால் இருக்கும் நெடிலை இழுத்துவிட்டு மூடிக்கொள்ளலாம். உகரத்தில் முடியும் சொல் வந்தால் "பூட்டாச்சே" என்று மாற்றுங்கள், அல்லது அதை வரியின் நடுவுக்குத் தள்ளுங்கள்.

இவற்றைக் கவனித்து எழுதினால் இப்படி ஒன்று வருகிறது:

ரெண்டாளுச் சோறாப் பொங்கிட்டேன்
மிச்சத்தில் தண்ணீ விட்டேனே
உன்வண்டிக் கிக்கர் நானுதைச்சா
ஊரெல்லாம் உன்னைத் தேடுச்சே

உங்கள் இரண்டாவது வரியில் கண்ணீர் இருந்தது, இங்கே தண்ணீர் இருக்கிறது. அவள் அழவில்லை, சோற்றுக்குத் தண்ணீர் விடுகிறாள். கேட்பவர்தான் மற்றதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சும் தீயும் எங்கும் இல்லை. ஆனால் அடுப்பு எரிந்த வீடு என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. மூன்றாவது, நாலாவது வரிகளில் உன், ஊர் என்று மோனை தானாகவே விழுந்தது. முதல் இரண்டில் மோனை இல்லை, அதற்காகச் சோற்றை மாற்றாதீர்கள்.

நடையையும் பாருங்கள். "பொங்கிட்டேன்", "உதைச்சா" என்று பேச்சு வழக்குக்கு வந்த பிறகு அதிலேயே நிற்க வேண்டும். சரணத்தில் போய் "உன் நினைவினிலே வாடுகின்றேன்" என்று எழுதினால் அந்த இடத்தில் வேறொரு பெண் பாடுகிற மாதிரி ஆகிவிடும். "தண்ணீ" என்று நீட்டியிருப்பதும் அதனால்தான். "தண்ணி" என்றால் அசையின் கனம் குறைகிறது, "தண்ணீர்" என்றால் எழுத்து நடை எட்டிப் பார்க்கிறது. பாட்டில் இந்த நீட்டல் உறுத்தாது.

ஒரு எல்லையும் உண்டு. இரண்டு வரிக்கு ஒரு காட்சி போதும். சோறு, வண்டி, தலையணை, செருப்பு, கேலண்டர் என்று நாலு வரியில் ஐந்து பொருளை அடுக்கினால் கேட்பவர் எதையும் பார்க்க மாட்டார். புத்தகத்தில் திரும்பிப் படிக்கலாம், பாட்டில் வரி போனது போனதுதான். பல்லவி திரும்பத் திரும்ப வரும் என்பதையும் யோசியுங்கள். சோற்று வரி எத்தனை முறை வந்தாலும் தாங்கும், ஏனென்றால் அவள் அதைத் தினமும் செய்கிறாள். வண்டி வரியில் ஒரு சின்னக் கதை ஒளிந்திருக்கிறது. முதல் தடவை சுருக்கென்று இருக்கும், நாலாவது தடவை தெரிந்த செய்தியாகிவிடும். என் யோசனை: பல்லவி திரும்பும்போது முதல் இரண்டு வரியை மட்டும் பாட வையுங்கள். வண்டி, பாட்டில் ஒரே ஒரு முறை வரட்டும்.

சரணத்துக்கு ஊர் மாற்றமே கைகொடுக்கும். ரியாத் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி பத்து மணி என்றால் அங்கே ஏழரை. அவன் வேலை முடிந்து அறைக்கு வந்து கூப்பிடும்போது இங்கே தெரு அடங்கிவிட்டது, அவள் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். இதை வைத்து ஒரு சரணம் முழுவதும் போகலாம். அங்கே "கனவு", "நிலவு" இரண்டும் வந்து நிற்கும், அவையும் டம்மிதான்.

இசையமைப்பாளரிடம் கொடுக்கும்போது மூன்றாவது வரியை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். "நானுதைச்சா" என்பதில் "னு" என்ற குறில் கூடுதலாக நுழைந்திருக்கிறது. "தானானா" இருக்க வேண்டிய இடத்தில் "தாதனானா" என்று வரும். தாளம் மெதுவாக இருந்தால் பாடகர் அதை வழுக்கிக்கொண்டு போய்விடுவார். வேகமாக இருந்தால் இடிக்கும். இடித்தால் "உன்வண்டிச் சத்தம் கேட்டப்போ" என்று வைத்துக்கொள்ளலாம். எட்டும் கன அசை, நிறுத்தமும் சரியாக விழுகிறது. கிக்கரை உதைத்தது அவள்தான் என்ற செய்தி மட்டும் அதில் விட்டுப்போகும், அதைப் படத்தில் காட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.