வெளி நிறுவனத்தின் கன்சல்டன்சியை, உள்விசயம் கசியாமல் மறுப்பது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பில ஒரு தொண்டு நிறுவனத்தில கண்காணிப்பு, மதிப்பீட்டு உத்தியோகத்தரா இருக்கன். வேறொரு நிறுவனம் வாகரைப் பக்கம் 15 நாள் அடிப்படை ஆய்வுக்கு என்னைக் கன்சல்டன்டா கேட்குது. அதே பிரதேசத்துக்கு, அதே நிதி வழங்குநரிட்ட எங்கட ஒபிஸும் முன்மொழிவு எழுதுது. அது வெளியில தெரியக் கூடாது. போன வருசம் அனுமதி எடுத்து இவங்களுக்கு ஒரு வேலை செய்து குடுத்தும் இருக்கன். இப்ப எப்படி மறுக்கிறது?

பதில்: உங்கள் விசயத்தில் மறுப்பால் ஒன்றும் கசியாது. அதற்குச் சொல்லும் காரணத்தால்தான் கசியும். வாகரை வேலைக்கு "நலமுரண் இருக்கு" என்று எழுதினால், உங்கள் ஒபிஸுக்கு வாகரையில் ஏதோ இருக்கிறது என்று வாசிப்பவர் பிடித்துவிடுவார். நிதி அழைப்பு திறந்திருக்கும் காலமென்றால் மிச்சத்தையும் அவரே கூட்டிப் பார்ப்பார். கச்சேரியில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எல்லா நிறுவனத்து ஆட்களும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஊர் இது.

ஆகவே காரணம் அந்த வேலையோடு ஒட்டாமல் உங்களோடு ஒட்டியிருக்க வேண்டும். இடம், துறை, நிதி வழங்குநர், காலம் என்ற நான்கையும் உங்கள் பதில் தொடக் கூடாது. அனுப்ப முன் ஒன்றைப் பாருங்கள்: பொத்துவிலில் மீன்பிடி ஆய்வுக்கு ஒருவர் கேட்டிருந்தால், இதே வசனத்தை ஒரு சொல் மாற்றாமல் அவருக்கும் அனுப்பியிருப்பீர்களா? ஆம் என்றால் அனுப்பலாம்.

அடுத்தது நியமனக் கடிதம். சிலருடைய கடிதத்தில் வெளிவேலை முழுதாகத் தடை. அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. "என் நியமன நிபந்தனை வெளிவேலைக்கு இடம் தருவதில்லை" என்று எழுதிவிட்டுப் போகலாம். உங்களுடையது முன் அனுமதி கேட்கும் வகை. போன வருசம் அந்த அனுமதி கிடைத்ததும் அவர்களுக்குத் தெரியும். இந்த நிலையில் "ஒபிஸ் விடாது" என்பது அவர்கள் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். "கேட்டுப் பார்த்தன், இந்த முறை விடேல்ல" என்பது அதைவிட மோசம். போன முறை விட்ட ஒபிஸ் இந்த முறை ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கிறது.

"நேரமில்லை" என்பதும் நிலைக்காது. "அடுத்த மாதம் வரை பார்த்திருக்கிறம்", "சனி ஞாயிறு மட்டும் வாங்க", "தரவுப் பகுப்பாய்வை மட்டும் செய்து தாங்க" என்று மூன்று பதில் வரும். மூன்றாவதற்கும் நீங்கள் தலையாட்டாதபோது, உண்மையான காரணம் வேறு என்று அவர்களுக்கு விளங்கிவிடும். சுகமில்லை, வீட்டில் கலியாணம் என்பதெல்லாம் இந்த ஊரில் இரண்டு நாள் தாங்காது.

உங்களுக்குப் பொருந்துவது காரணம் சொல்லாத மறுப்பு. இப்படி எழுதலாம்:

"வணக்கம் சேர். என்னை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. இந்த வேலையை என்னால் ஏற்க முடியாது. நீங்கள் வேறு ஆளைத் தேட நேரம் வேண்டும் என்பதால் உடனே சொல்கிறேன். ஏற்காத வேலைகளுக்கு நான் காரணம் சொல்வதில்லை, குறையாக எடுக்க வேண்டாம். வேலை விபரம் சொல்லி நீங்கள் அனுப்பிய டி.ஓ.ஆர். இணைப்பைத் திறக்காமலே அழித்துவிட்டேன்."

கடைசி வசனம் உண்மையாக இருந்தால் மட்டும். காரணம் சொல்வதில்லை என்பதையும் இனி உண்மையாக்க வேண்டும். அடுத்த மாதம் ஒளிக்க ஒன்றுமில்லாத வேலையை மறுக்கும்போதும் இதே வசனம்தான் போக வேண்டும். ஒளிக்க இருக்கும்போது மட்டும் வாயை மூடுகிறவருடைய மௌனமே செய்தியாகிவிடும். இந்தப் பதிலை அடுத்த வேலை நாளுக்குள் அனுப்புங்கள். ஒரு கிழமை கழித்து மறுத்தால், உள்ளே யாரோடோ பேசி முடிவெடுத்தது போலத் தெரியும். அதற்கிடையில் அவர்கள் தரவு சேகரிக்கும் பிள்ளைகளைக்கூட ஒழுங்குபடுத்தியிருப்பார்கள், அது நியாயமுமில்லை.

பிறகு வருவதுதான் கஷ்டமான பகுதி. தேத்தண்ணிக் கடையிலோ கோலிலோ, "உங்கட ஆக்களும் இதுக்கு எழுதுறாங்களோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "இல்லை" என்றால் பொய். முடிவு வெளிவரும் நாளில் அது பிடிபடும். "அதெல்லாம் சொல்ல ஏலாது" என்றால் ஆம் என்று சொன்ன மாதிரி. "எங்கட ஒபிஸ் என்ன எழுதுது, எழுதேல்ல என்று நான் வெளியில கதைக்கிறல்ல அண்ணன்" என்று சொல்லி, அவருடைய வேலை எப்படிப் போகுது என்று திருப்பிக் கேளுங்கள்.

"பெயர் போட மாட்டம்", "காசில்லாம கேள்விக்கொத்தை மட்டும் ஒருக்கா பாருங்க" என்ற கேள்விகளுக்கும் அதே மறுப்புத்தான். காசு வாங்காததால் முரண் போய்விடாது. பெயர் இல்லாத வேலை பிறகு வெளிவந்தால், மறைத்துச் செய்தது என்ற குற்றமும் சேரும்.

வேறு ஆளைக் காட்டச் சொன்னால் நிதானம் தேவை. உங்கள் ஒபிஸ் ஆளைக் காட்டினால் அதே முரணை அவர் தலையில் கட்டியதாகும். உங்கள் முன்மொழிவில் பெயர் போடப்போகிற கன்சல்டன்டைக் காட்டினால், அவர் மறுக்கும்போது இரண்டு மறுப்பையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்த வட்டத்துக்கு வெளியே ஒருவர் உடனே ஞாபகத்துக்கு வராவிட்டால் யாரையும் காட்டாமல் விடுவது நல்லது.

இனி இணைப்பு. பகிரங்கமாக விளம்பரப்படுத்திய டி.ஓ.ஆர். என்றால் வாசித்ததில் தவறில்லை. தனிப்பட அனுப்பியதைத் திறந்து, நாள் கணக்கோ வரவுசெலவோ கண்ணில் பட்டுவிட்டால், போட்டியாளருடைய தகவல் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதை உங்கள் முன்மொழிவுக்குப் பாவிக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: தங்கள் ஒபிஸின் இரகசியத்தைக் காத்துவிட்டு, மற்றவர்களுடையதை மேலாளரிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

மேலாளருக்குத் தெரிவிப்பது அவசியம், ஆனால் நாலு வரி போதும்: எந்தத் திகதி, எந்த நிறுவனம் கேட்டது, ஆலோசனைப் பணி என்ற அளவில் என்ன வேலை, மறுத்துவிட்டேன். இணைப்பைத் திறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், உள்ளே இருந்ததைச் சொல்ல வேண்டாம். நீங்கள் தொடர்ந்து வரவுசெலவுப் பகுதியில் வேலை செய்யலாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். வாயால் சொன்னாலும் பிறகு ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

போன வருச வேலைக்காக நீங்கள் கொடுத்த சுயவிபரக் கோவை இன்னும் அவர்களிடம் இருக்கும். முன்மொழிவில் ஆட்களின் விபரம் இணைக்கும்போது பழைய கோவையை எடுத்துப் போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். உங்கள் ஒபிஸும் உங்கள் பெயரைப் போட்டால், ஒரே ஆள் இரண்டு விண்ணப்பத்திலும் நிற்பார். மதிப்பிடுபவர் முதலில் விளக்கம் கேட்பது உங்களிடம்தான். அதனால் மறுப்புக் கடிதத்திலேயே இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்: "உங்களிடம் இருக்கும் என் சுயவிபரக் கோவையை, என் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் எந்த விண்ணப்பத்திலும் சேர்க்க வேண்டாம்." பொத்துவில்காரருக்கும் இதே வரியை எழுதலாம்.