வணக்கம் எண்டா குனியிறதா, கும்பிடுறதா?

கடிதம்:

சேர், நான் கிண்ணியா. ட்ரான்ஸ்ஃபர் கிடைச்சு இப்ப திருகோணமலை டவுன்ல ஒரு ஸ்கூல்ல படிப்பிக்கிறன். கிளாசுக்குள்ள போனா பிள்ளைகள் எழும்பி நிண்டு "வணக்கம் டீச்சர்" எண்டு சொல்லுதுகள். எங்களுக்கு வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான், அதால திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல. ஸ்டாஃப் ரூம்ல ஒரு சேர் வாட்ஸ்அப்ல வந்ததக் காட்டினார், அது "வண் + அக்கம்", வளமான கண்ணால உன்னைப் பார்க்கிறன் எண்டதுதான் அர்த்தமாம், வணங்குறதுக்கும் அதுக்கும் தொடர்பே இல்லையாம். உண்மையா?

பதில்:

டீச்சர், அந்த மெசேஜ நம்பாதீங்கோ. அது பொய் எண்டு பிடிக்கிறதுக்கு பெரிய அகராதி ஒண்டும் தேவையில்ல. இறங்கு - இறக்கம், மயங்கு - மயக்கம், தயங்கு - தயக்கம், உறங்கு - உறக்கம், தூங்கு - தூக்கம். 'ங்கு'வில முடியிற வினை கனக்க, பெயராகேக்க அந்த ங்கு இறுகி 'க்கு' ஆகி பின்னால 'அம்' வந்து ஒட்டும். வணங்கு - வணக்கமும் இந்த வரிசையிலதான் நிக்குது. அக்கம் எண்டது தனிச்சொல் எண்டா மயக்கம் மய + அக்கமா, தூக்கத்த என்ன செய்யிறது? ஒரு சொல்ல மட்டும் தனிய எடுத்து வெட்டினா எதையும் நிரூபிக்கலாம், அதின்ட சொந்தக்காரரையும் சேர்த்து நிப்பாட்டிப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும்.

சரி, வணங்கு எண்டா என்ன? அதின்ட பழைய அர்த்தம் வளையிறது, அவ்வளவுதான். புறநானூறு 155வது பாட்டுல "வணர்கோட்டுச் சீறியாழ்" எண்டு வரும், வளைஞ்ச கொம்புள்ள சின்ன யாழ், அந்த 'வணர்' இதுக்கு நெருங்கின உறவு. அதில சாமியும் இல்ல, மரியாதையும் இல்ல, வளைஞ்ச மரம் மட்டும்தான்.

இந்த அர்த்தம் எப்பிடி நகர்ந்தது எண்டு பார்க்க திருக்குறள் ஒண்டே போதும். 827வது குறள், கூடாநட்பு அதிகாரம்: "சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்". பகைவன் பணிஞ்சு கதைக்கிறான் எண்டு அதை நல்லதா எடுக்காத, ஏனெண்டா வில் வளையிறது தீமை செய்யத்தானே எண்டு சொல்லுறார். இதில வில்வணக்கம் எண்டா வில் வளையிறது, சொல்வணக்கம் எண்டா பணிவாக் கதைக்கிறது, ஒரே வரிக்குள்ள உடம்பு வளையிறதையும் பேச்சு வளையிறதையும் பக்கத்துப் பக்கத்தில வச்சு விளையாடியிருக்கிறார் மனுசன். 419வது குறள்ல "வணங்கிய வாயினர்" எண்டு வரும், கேள்வியறிவு இல்லாதவனுக்கு பணிவான பேச்சு வராது எண்டு. 9வது குறள்ல "தாளை வணங்காத் தலை", அது இறைவன்ட அடிக்கு தலை தாழ்த்திறது. ஆக வில்லு, வாய், தலை எண்டு மூண்டும் அதே புத்தகத்திலயே இருக்கு. கும்பிடுற அர்த்தத்த பிறகு ஆரோ கொண்டுவந்து செருகினது எண்டும் சொல்ல ஏலாது, அது ஒண்டுதான் அர்த்தம் எண்டும் சொல்ல ஏலாது.

இந்த வழி தமிழுக்கு மட்டும் உரியதும் இல்ல. நமஸ்காரத்தில இருக்கிற 'நம்' எண்டதுக்கும் வளையிறது, குனியிறது எண்டுதான் அர்த்தம். இந்தியாவில உருது கதைக்கிற ஆக்கள் தொழுகைக்கு நமாஸ் எண்டு சொல்லுவினம், அது பாரசீகச் சொல்லு, அதுவும் நமஸும் ஒரே வேர்ல இருந்து வந்ததுகள். கோயில்ல நமஸ்காரம், பள்ளியில நமாஸ், வேர் ஒண்டு.

இப்ப உங்கட பிரச்சினைக்கு வாறன். வேர் உங்களுக்குப் பதில் தராது, பதில் பேச்சு வழக்கிலதான் இருக்கு எண்டது என்ட கருத்து. சைவ ஆக்கள் வீட்டில என்ன சொல்லுவினம்? "கோயிலுக்குப் போய் கும்பிட்டிட்டு வாறன்" எண்டுதான். கோணேசர் கோயில் படி ஏறுற எந்த அம்மாவும் "வணங்கிட்டு வாறன்" எண்டு சொல்லி நான் கேட்டதில்ல. சாமிக்கு கும்பிடு எண்ட சொல்லு இருக்கிறதால பேச்சில வணக்கத்துக்கு வேலை இல்லாமப் போச்சு, பிறகு போன நூற்றாண்டில நமஸ்காரத்துக்குப் பதிலா தமிழ்ச்சொல் வேணும் எண்டு தேடேக்க இது லேசா வந்து முகமன் சொல்லா இருந்திட்டுது. மேடை, ரேடியோ, ஸ்கூல் எல்லாம் சேர்ந்து பரப்பி விட்டுது. காலை வணக்கம் எண்டது அதுக்கும் பிறகு வந்தது, குட்மோர்னிங்குக்கு தமிழ் உடுப்பு போட்டது, எனக்குப் பெரிசாப் பிடிக்காது, அது வேற கதை.

உங்கட பக்கம் அப்பிடி நடக்கேல்ல. முஸ்லிம்கள்ட பேச்சில கும்பிடுறது தங்களுக்குரிய சொல்லு இல்ல, சலாம் முதலே இருந்ததால முகமன் சொல்லும் தேவைப்படேல்ல. அதனால இபாதத், அதாவது அல்லாஹ்வை வழிபடுறது எண்டதுக்குத் தமிழ் தேடின இடத்தில வணக்கம் போய் இருந்திட்டுது, "வணக்கத்திற்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை" எண்டு சின்ன வயசில இருந்து கேட்டு வளர்ந்த காதுக்கு பிள்ளைகள் வந்து வணக்கம் டீச்சர் எண்டா திக்கெண்டுதான் இருக்கும். அதில பிழையே இல்ல, உங்கட தமிழும் பழைய தமிழ்தான். 1578இல கொல்லத்தில அண்ட்ரிக் அடிகளார் தமிழ் எழுத்தில அச்சடிச்ச புத்தகத்தின்ட பேரே "தம்பிரான் வணக்கம்", அங்கயும் அது கடவுளுக்குச் செய்யிறதுதான்.

கத்தோலிக்க ஆக்கள்ட வழக்கு இன்னும் சுவாரசியம். அவையள் கடவுளுக்கு ஆராதனை எண்டும் மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் எண்டும் பிரிச்சு வச்சிருக்கினம், மே மாதம் மாதா வணக்க மாதம். அதாவது உங்களிட்ட உச்சத்தில நிக்கிற சொல்லு அவையிட்ட ஒரு படி கீழ நிக்குது, சைவப்பிள்ளை வாயில அது இன்னும் கீழ இறங்கி வெறும் ஹலோவா நிக்குது. பேப்பரைப் பாருங்கோ, பாதிரிமாருக்கும் தேரர்மாருக்கும் பேருக்கு முன்னால "வண." எண்டு போடுவாங்கள், வணக்கத்துக்குரிய எண்டதின்ட சுருக்கம். அதை வாசிச்சிட்டு அந்தத் தேரரை வணங்கச் சொல்லுறாங்கள் எண்டு ஆரும் நினைக்கிறேல்ல, மதிப்புக்குரிய எண்டுதான் எடுக்கிறம்.

ஆகவே உங்கட பிள்ளைகள் சொல்லுற வணக்கத்தில இபாதத் இல்ல, அதுகள்ட வீட்டுத் தமிழ்ல அந்தச் சொல்லுக்கு அந்தப் பாரம் கிடையாது. நீங்க திருப்பிச் சொல்லலாமோ கூடாதோ எண்டது மார்க்க விஷயம், அதை ஒரு மௌலவியிட்டக் கேளுங்கோ, நான் அதுக்குள்ள மூக்க நுழைக்கேல்ல. ஆனா ஒண்டு, கைகூப்புறது வேற, வணக்கம் எண்ட சொல்லு வேற. கூப்புறது கும்பிடு எண்ட சொல்லோட வாற செய்கை, ரெண்டு உள்ளங்கையும் மொட்டுக் கூம்பின மாதிரி சேருறது. வணங்குக்குள்ள கை இல்ல, முதுகும் தலையும்தான். ஃபோன்ல வணக்கம் சொல்லேக்க ஆரும் கை கூப்புறதும் இல்ல, குனியிறதும் இல்ல. உங்களுக்கு உறுத்துறது கைகூப்புறதா அந்தச் சொல்லா எண்டு முதல்ல பிரிச்சுப் பாருங்கோ. கைதான் எண்டா கைய விட்டிட்டு சொல்ல மட்டும் சொல்லலாம். சொல்லேதான் எண்டா "நல்லது பிள்ளைகள், இருங்கோ" எண்டு சொல்லிட்டு பாடத்தத் தொடங்குங்கோ, அதுகள் அதை மரியாதைக்குறைவா எடுக்காதுகள்.