கருவாட்டுக் கம்பெனிக் கணக்கு: நீளம் 7ஆ, 12ஆ?

“சந்தைப்படுத்தல் பாடத்தில் பொருள் கலவைக் கணக்கு. ராமேஸ்வரம் கம்பெனியின் வரிசைகள்: கருவாடு, பனை இனிப்பு, ஓலைப்பொருள். அகலம் 3 சரி. நீளம் எனக்கு 12, விடையில் 7. ஏன்?”

7தான் சரி. அகலம் என்பது வரிசைகளின் எண்ணிக்கை, நீளம் என்பது எல்லா வரிசைகளிலும் உள்ள பொருள்களின் மொத்தம். நெத்திலியின் பாக்கெட்டுகளையும் நீளத்தில் சேர்த்திருப்பீர்கள்.

நெத்திலி, சீலா, வாளை 3. கருப்பட்டி, பனங்கற்கண்டு 2. கொட்டான், விசிறி 2. மொத்தம் 7, வரிசைக்குச் சராசரி 2.33.

நெத்திலி தலையோடு, தலை நீக்கியது என 2 வகை. ஒவ்வொன்றும் 100, 250, 500 கிராமில். 2 × 3 = 6, இது நெத்திலியின் ஆழம், அதாவது அந்த ஒரு பொருள் எத்தனை வகையில் கிடைக்கிறது என்பது. மற்ற ஆறும் ஒரே வகை என்பதால் 6 + 6 = 12 வந்திருக்கிறது. 12ஐ வகைகளின் மொத்தம் என்று தனியே எழுதுங்கள்.

வரிசைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே இசைவு. அதற்கு எண் கிடையாது. பயன்பாடு, தயாரிப்பு, விற்பனை வழி மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். கருவாடும் கருப்பட்டியும் சமையலறைக்குப் போகின்றன, ஆனால் வாடை ஏறும் என்பதால் ஒரே அறையில் அடுக்க முடியாது. கருப்பட்டியும் கொட்டானும் பனையிலிருந்தே வந்தாலும் தொழில் வேறு. ஆகவே இசைவு குறைவு.

சில பாடநூல்கள் பாக்கெட்டையும் தனிப்பொருளாக எண்ணும். உங்கள் நூலின் வரையறையை ஒருமுறை பாருங்கள்.