துடக்கு நாளும் விரத நாளும்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: யாழ்ப்பாணத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவிச்சி

அக்கா, கந்தசட்டியின் இரண்டாம் நாள் எனக்குத் துடக்கு வரும். தள்ளிப்போடத் தோழி குளிசை தந்தாள். சட்டி தொடங்கியதும் போட்டால் சரிதானே?

அது பிந்திவிடும். மாதவிடாய்க்கு முன் உடலில் புரோஜெஸ்டெரோன் என்ற ஹோர்மோன் குறைகிறது. அதனால்தான் கருப்பையின் உட்படலம் கழன்று வருகிறது. தள்ளிப்போட வழக்கமாகத் தரும் நோரெதிஸ்டெரோன் குளிசை அந்த ஹோர்மோனின் வேலையைச் செய்து படலத்தைப் பிடித்து வைக்கும். கழலத் தொடங்கிய பிறகு போட்டால் நிற்கும் என்று நம்ப முடியாது. வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவார்கள். உங்கள் கணக்கில் சட்டி தொடங்க இரண்டு நாள் முன். உங்களுக்கு 28 நாளிலும் வரும், 33 நாளிலும் வரும் என்றால் 28ஐ வைத்தே எண்ணுங்கள். இடையில் ஒரு வேளை விட்டால் கறை படலாம். பாறணை முடிந்து நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும்.

ஆனால் தோழியின் குளிசையை அப்படியே விழுங்காதீர்கள், முதலில் டொக்டரிடம் போங்கள். இரத்தக்கட்டி வந்தவர், ஈரல் நோயாளி, கர்ப்பம் என்று சந்தேகம் உள்ளவர் போடக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது கருத்தடைக் குளிசையும் இல்லை.

குளிசை எதற்கு? கௌரி விரதம் 21 நாளும் பிடித்தபோது எனக்குத் தானாகவே ஒரு கிழமை பிந்தியது.

நீங்கள் சொல்வது பாதி சரி. சாப்பாடு மிகவும் குறைந்தால், முட்டையை வெளிவிடச் சொல்லும் மூளையின் சமிக்ஞை மந்தமாகும். முட்டை பிந்தினால் மாதவிடாயும் பிந்தும். ஆனால் முட்டை வெளிவந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மாதவிடாய் வந்தே தீரும், கடைசிக் கிழமையில் பட்டினி கிடந்து அதைத் தள்ள முடியாது. விரதத்தின் தொடக்கத்தில் உங்களுக்கு முட்டை இன்னும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்பாச்சி ஊறுகாய்ச் சாடியைத் தொட விடமாட்டா. பழுதாகிவிடுமாம். உண்மையில் ஏதும் நச்சு இருக்கிறதா?

இல்லை. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவரே, மாதவிடாய்ப் பெண்ணின் கையில் பூக்கள் வாடுகின்றன, அதற்கு ஒரு நச்சுதான் காரணம் என்று எழுதினார். பிறகு அது நிலைக்கவில்லை. ஊறுகாயைக் கெடுப்பது ஈரக் கரண்டியும் குறைந்த உப்பும்தான். அந்த ஈரக் கரண்டி யார் கையிலும் இருக்கலாம்.

கோயிலின் அதிர்வு மாதவிடாயின் கீழ்நோக்கிய ஓட்டத்தைக் குழப்புமாமே?

மணியோசைக்குக் கருப்பை நிற்பதும் இல்லை, கூடுவதும் இல்லை. உள்ளே போவதா என்பது நம்பிக்கைக்கும் வழக்கத்துக்கும் உரிய கேள்வி, அதற்கு இரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்காது. என் வீட்டிலேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

மகளுக்கு 13 வயது. அதிகமாகப் போகிறது, தலை சுற்றுகிறது. வெள்ளி விரதம் தவறினால் குற்றமா அக்கா?

தங்கச்சி, விரதத்தை இப்போது விடுங்கள். ஒரு பாட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தலை சுற்றுவதால் எப்படியும் இந்தக் கிழமையே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சோற்றோடு தேத்தண்ணீர் கொடுக்காதீர்கள், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.