லேபிளில் 7 கிராம், பாட்டிலில் 28 கிராம்

கேள்வி: எனக்கு வயது 48. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். வீட்டுக் காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். அலுவலகத்தில் மதியம் மட்டும் ஐஸ் டீ, கோல்டு காபி, லஸ்ஸி ஆகியவற்றில் ஏதாவது ஒரு பாட்டில் குடிக்கிறேன். மூன்றின் லேபிள் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். ஐஸ் டீயில்தான் சர்க்கரை மிகக் குறைவு, 7 கிராம்தான். அதையே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். நீங்கள் பார்த்த 7 கிராம் என்பது 100 மில்லிக்கு உரிய கணக்கு. உங்கள் ஐஸ் டீ பாட்டிலோ 400 மில்லி. முழுவதையும் குடிக்கும்போது உள்ளே போவது 28 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை. கோல்டு காபி 100 மில்லிக்கு 11.5 கிராம், லஸ்ஸி 14.5 கிராம் என்று காட்டினாலும் அவை 200 மில்லி பாட்டில்கள் என்பதால், முழுப் பாட்டிலுக்கு முறையே 23 கிராமும் 29 கிராமும் வருகின்றன. 100 மில்லிக் கணக்கில் மிகக் குறைவாகத் தெரிந்த பானம், பாட்டில் கணக்கில் லஸ்ஸிக்கு ஒரு கிராம்தான் குறைவு.

ஐஸ் டீ லேபிளில் 'ஒரு பரிமாறலுக்கு 28 சதவீதம்' என்றும் இருக்கிறது. இந்தியாவில் சேர்த்த சர்க்கரைக்கான இந்தச் சதவீதம், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு 50 கிராம் என்ற அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உற்பத்தியாளர் ஒரு பரிமாறலை 200 மில்லி என்று வைத்திருப்பதால் 14 கிராம், அதனால் 28 சதவீதம். பாட்டிலில் இரண்டு பரிமாறல்கள் இருப்பதாகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் திறந்த பாட்டிலில் பாதியை மூடி வைத்து மறுநாள் குடிப்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. முழுப் பாட்டிலுக்கு அது 56 சதவீதம். அந்த 50 கிராமும் பொதுவான உச்ச வரம்பே தவிர, சர்க்கரை நோயாளிக்கென ஒதுக்கப்பட்ட பங்கு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரோக்கியமானவர்களும் அதில் பாதிக்குள், ஏறத்தாழ 25 கிராமுக்குள், நிறுத்திக்கொள்வது மேலும் நல்லது என்கிறது.

இனி 'மொத்தச் சர்க்கரை', 'சேர்த்த சர்க்கரை' என்னும் இரண்டு வரிகள். ஐஸ் டீயில் இரண்டும் ஒன்றே, ஏனெனில் தேயிலைச் சாற்றில் சொல்லத்தக்க சர்க்கரை கிடையாது. அந்த 28 கிராமும் ஆலையில் கொட்டியதே. உங்கள் கோல்டு காபியில் சேர்த்தது 14 கிராம், மீதி 9 கிராம் பாலிலேயே உள்ள லாக்டோஸ். லஸ்ஸியில் சேர்த்தது 22, லாக்டோஸ் 7. லாக்டோஸும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீங்கள் மொத்த வரியைத்தான் பார்க்க வேண்டும். ஆயினும் பாலின் புரதமும் கொழுப்பும் உடன் இருப்பதால் அந்த ஏற்றம் ஓரளவு நிதானமாக இருக்கும். ஐஸ் டீயில் அந்தத் தடையும் இல்லை. சர்க்கரை வரிக்கு மேலே உள்ள மாவுச்சத்து வரியையும் விட்டுவிடாதீர்கள்: மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பொருள் சேர்த்த பானங்களில் அது சர்க்கரை வரியில் பெரும்பாலும் சேராது, ஆனால் குளுக்கோஸாக மாறுவதில் சர்க்கரைக்குச் சளைத்ததல்ல.

ஐயம் இருந்தால் குளுக்கோமீட்டரால் நீங்களே சோதிக்கலாம். குடிப்பதற்கு முன் ஒருமுறையும், குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். இனிப்புப் பானம் வேகமாக ஏறி வேகமாக இறங்கக்கூடியது என்பதால், இரண்டு மணி நேரம் கழித்து மட்டும் பார்த்தால் உச்சம் கண்ணில் படாமல் போகலாம்.

மதிய வெயிலுக்குச் சர்க்கரை சேர்க்காத நீர்மோர் போதும். சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பு சேர்த்த சர்க்கரையில்லா ஐஸ் டீ எப்போதாவது குடித்தால் இரத்தச் சர்க்கரை ஏறாது. ஆனால் 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதிய கோல்டு காபியிலும் லாக்டோஸ் இருந்தே தீரும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கிளிமிபிரைடு, உணவு குறைந்தாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. தினமும் மதியம் கிடைத்துவந்த சர்க்கரையை நிறுத்திய முதல் இரண்டு வாரங்களில் மாலையில் வியர்வை, கைநடுக்கம், திடீர்ப் பசி வந்தால் உடனே பரிசோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இது ஒருமுறை நேர்ந்தாலும், மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், உங்கள் மருத்துவரிடம் அளவை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். சுக்ரலோஸ் பானம் அந்த நேரத்தில் எந்தப் பயனும் தராது.