வேலை அனுபவமே இல்லை, சுயவிவரத்தில் எதை எழுதுவது?

"எனக்கு 16 வயது, ரொறன்ரோவில் படிக்கிறேன். கோடை விடுமுறைக்கு மளிகைக் கடையில் காசாளர் வேலை கேட்கப் போகிறேன். பள்ளி விழாவில் உணவுக் கடை பார்த்ததும், வீட்டில் தங்கையையும் அம்மம்மாவையும் கவனிப்பதும் தவிர எழுத ஒன்றுமில்லை."

தம்பி, அந்த உணவுக் கடைதான் உங்கள் முதல் வரி. "விழாவில் உதவினேன்" என்றால் கண் அதில் நிற்காது. "பணம் வாங்கி மீதி கொடுத்தேன்; முடிவில் கல்லாவை எண்ணி ஆசிரியரிடம் கணக்கு ஒப்படைத்தேன்" என்று எழுதுங்கள். காசாளர் செய்வதும் அதையே. அந்த ஆசிரியரிடம் கேட்டு, அவரையே பரிந்துரையாளராகப் போடுங்கள், உறவினர் வேண்டாம்.

வீட்டுப் பொறுப்புக்குத் தனித் தலைப்புக் கொடுங்கள். தங்கையைப் பள்ளியிலிருந்து எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு அழைத்து வருகிறீர்கள் என்று எழுதினால் நேரம் தவறாதவர் என்பது தானே தெரியும். அம்மம்மாவின் நோய் விவரம் கடைக்காரருக்கு எதற்கு? மருத்துவரிடம் அவருக்காக ஆங்கிலத்தில் பேசுவதை எழுதுங்கள். தமிழர் வந்துபோகும் ஸ்காபரோக் கடைகளில் இரு மொழிக்கு மதிப்புண்டு.

ஒன்ராறியோ பள்ளிகள் கேட்கும் 40 மணிநேரச் சமூக சேவையில் முடித்ததையும் சேருங்கள். புகைப்படமும் சமூகக் காப்புறுதி எண்ணும் வேண்டாம். அந்த எண்ணை வேலை கிடைத்த பிறகு கொடுத்தால் போதும். எந்த நாட்களில் வர முடியும் என்பதை மட்டும் மேலேயே எழுதிவிடுங்கள்.