ரகசியமாகப் பாதியான மாத்திரை

"அப்பாவுக்கு 67 வயது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் 40 மி.கி. சாப்பிடுகிறார். ஒரு மாதமாக தினமும் காலை 7 மணிக்கு ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் கொடுக்கிறேன். 10 மணிக்கு அளந்தால் 132 காட்டுகிறது. முன்பு 140-க்குக் கீழே வந்ததே இல்லை. அந்த நம்பிக்கையில் இரண்டு வாரமாக மாத்திரையைப் பாதியாக உடைத்து டப்பாவில் போட்டு வைக்கிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை, வீணாகக் கவலைப்படுவார். அடுத்த மாதம் அடியோடு நிறுத்திவிடலாமா?"
- வாசகர், கரூர்

அப்பாவிடம் சொல்லவில்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். வாழ்நாளெல்லாம் டிக்கெட் காசை எண்ணி, சில்லறை குறைந்தால் சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்தவராக இருப்பார் உங்கள் அப்பா. அவருடைய உடம்புக் கணக்கில் நீங்கள் கை வைத்துவிட்டு அவரிடமே மறைக்கிறீர்கள். திடீரென்று தலை சுற்றி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "என்ன மருந்து, எவ்வளவு?" என்று டாக்டர் கேட்பார். "நாற்பது" என்று அவர் பொய் சொல்வார், பொய் என்று தெரியாமலே.

அந்த 132-ஐப் பார்ப்போம். பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, உமிழ்நீரில் திரும்பி வந்து, நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாக மாறுகிறது. அதை விழுங்கிய பிறகே ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாகிறது. (கிருமிகளைக் கொல்லும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது.) இதன் வீரியம் குடித்த இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். ஏழு மணிக்குக் கொடுத்துப் பத்து மணிக்கு அளக்கிறீர்கள். நாளின் மிக நல்ல எண்ணை மட்டும் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். விடியற்காலை எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

ஜூஸில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினமும் 250 மி.லி. வீதம் நான்கு வாரம் குடித்தார்கள். மேல் எண் ஏறத்தாழ 8 குறைந்தது. நைட்ரேட்டை நீக்கிய ஜூஸைக் குடித்தவர்களுக்குக் குறையவில்லை. குடிப்பதை நிறுத்திய இரண்டே வாரத்தில் அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மேல் எண்ணில் குறைவது நான்கைந்துதான். கீழ் எண் அதிகம் அசைவதில்லை. அதே 2015-இல் ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் 27 பேருக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் அளந்தாலும் 24 மணி நேரக் கருவியில் அளந்தாலும் மாற்றமே இல்லை. உங்கள் அப்பா அந்த 27 பேரின் கட்சி. ஆய்வில் தந்தது நைட்ரேட் அளந்த ஜூஸ், சுமார் 400 மி.கி. இருந்தது. உழவர் சந்தைக் கிழங்கில் எவ்வளவு என்பது மண்ணுக்கு மண், உரத்துக்கு உரம் மாறும். நீங்கள் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிறவரானால் நைட்ரேட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

இன்னொன்று. பீட்ரூட்டில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கிழங்கில் ஆக்சலேட்டும் உண்டு, சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை அப்பாவுக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்றே அப்பாவை உட்கார வைத்து நடந்ததைச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து டாக்டர் எழுதிய முழு மாத்திரை. கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கும்வரை ஜூஸ் வேண்டாம். ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். எழுதுகிற வேலையை அப்பாவிடமே கொடுங்கள், கணக்கு அவருக்குக் கைவந்த கலை. எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது என்றால், நின்ற நிலையில் மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். உட்கார்ந்து அளந்ததைவிட மேல் எண் 20 இறங்கியிருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டால் வாரக் கடைசியில் நோட்டோடு போங்கள். மாத்திரையைக் குறைப்பதும் ஜூஸைத் தொடர்வதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

பீட்ரூட் குடித்தால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். அதையும் அப்பாவிடம் கேளுங்கள். ஒரு மாதமாக அதைப் பார்த்துப் பயந்துகொண்டு, நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று அவரும் மறைத்திருக்கலாம். ஜூஸை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்தும் சிவப்பு மாறவில்லை என்றால் அது பீட்ரூட் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.